வேகத்தடைகளைச் சேமித்து வைத்திருந்த கேமரா

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை 8.50 மணிக்கு, வீட்டிலிருந்து கிளம்பிய பத்தாவது நிமிடத்தில், மதுரைக்குள் ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்த சரக்கு வேன் பின்னோக்கி உருண்டு வந்து என் காரின் முன் பம்பரில் மோதியது. வேகம் அதிகமில்லை, பம்பரின் ஒரு மூலை பிளந்ததோடு சரி. ஆனால் இறங்கி வந்த ஓட்டுநர், "நீங்கதான் சார் வந்து இடிச்சீங்க" என்று அடித்துச் சொன்னார். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேஷ் கேமராவைச் சுட்டிக்காட்டி, "எல்லாம் இதில் பதிவாகியிருக்கிறது" என்று நான் நிதானமாகவே சொல்லிவிட்டு, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, மேலூர்ப் பக்கம் இருக்கும் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அன்று இரவு மெமரி கார்டைக் கழற்றி மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது, வழக்கமான பதிவில் அன்று மாலை நான் வீடு திரும்பிய பயணத்தின் கடைசி 18 நிமிடங்கள் மட்டுமே இருந்தன. காலையில் நடந்த மோதல் ஒரு நொடிகூட இல்லை.

பம்பரைச் சீராக்கி வண்ணம் பூச 4,200 ரூபாய் ஆனது. அதன் பிறகு நான்கு வாரங்கள், மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து அந்தக் கேமராவின் அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிப்படுத்தியதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் கார்டின் உள்ளே பார்த்தேன். `DCIM\Movie` என்ற கோப்புறையில் ஆறு கோப்புகள் இருந்தன. அதற்குள்ளேயே இருந்த `RO` என்ற துணைக் கோப்புறையில் 88 கோப்புகள் இருந்தன. இந்த `RO` என்பது பூட்டப்பட்ட கோப்புகளின் இடம். சுழற்சிப் பதிவு என்பது, கார்டு நிறைந்ததும் மிகப் பழைய கோப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதுவது. ஆனால் அதிர்வு உணரி ஒரு மோதலை உணர்ந்ததாகக் கருதினால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைப் பூட்டிவிடும், பூட்டியதைச் சுழற்சி தொடாது. சில கேமராக்கள் பூட்டிய கோப்புகளுக்கென்று கார்டில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கி, அது நிறைந்தால் அவற்றிலும் பழையதை அழிக்கும். என்னுடையது அப்படிப்பட்டதல்ல. பூட்டியவை பெருகப் பெருக, சுழற்சிக்கு மிஞ்சும் இடம் குறைந்துகொண்டே வரும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் கேமரா முழு எச்டி தரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 15 மெகாபிட் எழுதுகிறது. அதாவது நிமிடத்துக்கு 112 எம்பி, மூன்று நிமிடக் கோப்பு ஒன்றுக்கு 337 எம்பி. 32 ஜிபி கார்டில் இப்படி 94 கோப்புகள் பிடிக்கும்; மொத்தம் நாலே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் 88 பூட்டப்பட்டுவிட்டால் மிஞ்சுவது ஆறு. ஆறு கோப்புகள், 18 நிமிடம். மோதிய பிறகு நான் ஐம்பது நிமிடம் ஓட்டியிருக்கிறேன்; ஆகவே நான் அலுவலக வாசலில் காரை நிறுத்துவதற்கு வெகு முன்பே அந்தக் காட்சியின் மேல் வேறு காட்சி எழுதப்பட்டுவிட்டது. கேமரா நிற்கவில்லை, சிவப்பு விளக்கும் வழக்கம்போல் சிமிட்டிக்கொண்டிருந்தது என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த 88 கோப்புகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட மோதல் இல்லை. வேகத்தடை, பள்ளம், மீண்டும் வேகத்தடை, பாதாளச் சாக்கடை மூடி, ஒரு தடவை என் மகன் கதவை ஓங்கிச் சாத்தியது. உண்மையான மோதலை மட்டும் உணரி பூட்டாமல் விட்டிருந்தது. யோசித்தால் அதில் வியப்பில்லை. நடக்கும் வேகத்தில் வந்த வேனின் இடியைப் பிளாஸ்டிக் பம்பர் நசுங்கி வாங்கிக்கொண்டது; கண்ணாடியில் இருக்கும் கேமராவுக்கு அது ஒரு மெல்லிய தள்ளல்தான். வேகத்தடையோ சக்கரம் வழியாகக் கண்ணாடி வரைக்கும் உதறுகிறது. மேலும் கீழுமான உதறலையும் முன்பின்னான இடியையும் இந்த விலைக் கேமராக்கள் நம்பும்படி பிரித்து அறிவதில்லை. பூட்டுவதற்கென்றே பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை நான் அன்று அழுத்தியிருந்தால் இந்தப் பதிவையே எழுத வேண்டியிருந்திருக்காது.

இனி உணரியின் அளவு. `G-Sensor` என்ற பட்டியலில் `Off`, `2G`, `4G`, `8G` என்று நான்கு தேர்வுகள் இருந்தன. வாங்கிய நாளில் நான் `2G` என்று வைத்திருந்தேன், சிறிய எண் என்றால் குறைந்த உணர்திறன் என்ற எண்ணத்தில். அது நேர் எதிர். அந்த எண் எவ்வளவு அதிர்ச்சி வந்தால் பூட்ட வேண்டும் என்ற எல்லையைக் குறிக்கிறது. எல்லை சிறியதாக இருந்தால் சிறு உதறலுக்கும் பூட்டு விழும். "உயர், நடு, தாழ்" என்று எழுதியிருக்கும் கேமராக்களில் இந்தக் குழப்பம் கிடையாது, எண் போட்டிருப்பவற்றில்தான் என்னைப் போன்றவர்கள் இடறி விழுகிறோம்.

சரியான அளவைத் தெரிந்துகொள்ள ஒரே பாதையில், ஒவ்வோர் அளவிலும் மூன்று நாட்கள் ஓட்டி, தினமும் இரவு `RO` கோப்புறையில் எத்தனை கோப்புகள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணினேன். போய்வர இரண்டு மணி நேரம் ஆகும் பாதை அது. `2G`யில் நாளொன்றுக்கு ஒன்பது முதல் பதினொன்று. `4G`யில் ஐந்து அல்லது ஆறு. `8G`யில் எதுவுமே இல்லை. ஆளில்லாத ஒரு நேர்ச் சாலையில், பின்னால் யாரும் வராததை உறுதிசெய்துகொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்தி மிதித்தும் பார்த்தேன். `4G`யில் பூட்டு விழவில்லை. அது எதிர்பார்க்க வேண்டியதுதான். காய்ந்த தார்ச்சாலையில் சாதாரணக் கார் எவ்வளவு அழுத்திப் பிரேக் போட்டாலும் புவியீர்ப்பு அளவான ஒரு ஜியைத் தாண்டாது.

அப்படியானால் வேகத்தடை மட்டும் எப்படி `4G` எல்லையைத் தாண்டுகிறது என்ற கேள்வி ஒரு வாரம் என்னைத் தொந்தரவு செய்தது. விடை கேமராவில் இல்லை, அதைத் தாங்கியிருந்த பிடிமானத்தில் இருந்தது. உறிஞ்சு கிண்ணம் வைத்துக் கண்ணாடியில் ஒட்டும் பிடிமானம் அது. வெயிலில் ரப்பர் இறுகி, பந்து மூட்டும் தளர்ந்து, விரலால் தட்டினாலே கேமரா தலையாட்டியது. காரின் ஒரு உதறலைப் பிடிமானம் நான்கு ஆட்டமாகப் பெருக்கிக் கேமராவுக்குக் கொடுத்திருக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டு, கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் இருபுற ஒட்டுநாடாவுடன் வரும் தட்டையான பிடிமானத்தை ஒட்டினேன். செலவு 60 ரூபாய். ஒட்டியவுடன் கேமராவை மாட்டாமல் ஓர் இரவு விட்டது நல்லதாயிற்று, இன்று வரை அசையவில்லை. அதன் பிறகு அதே `4G`யில், அதே பாதையில், நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோதான் பூட்டுகிறது. `8G`க்கு நான் போகவில்லை. அந்த அளவில் கார் தூள்தூளானால்தான் பூட்டு விழும் போலிருக்கிறது.

அடுத்தது சுழற்சிக் கோப்பின் நீளம். மூன்று நிமிடமாக இருந்ததை ஒரு நிமிடமாக மாற்றினேன். பூட்டு விழும்போது முழுக் கோப்பும் பூட்டப்படுகிறது என்பதால், மூன்று நிமிடக் கோப்பில் ஒரு தவறான பூட்டு 337 எம்பியைத் தின்கிறது. ஒரு நிமிடக் கோப்பில் 112 எம்பி. முன்பு நாளொன்றுக்குப் பத்துப் பூட்டுகள், ஏறத்தாழ மூன்றேகால் ஜிபி; இப்போது இரண்டு பூட்டுகள், கால் ஜிபிக்கும் குறைவு. இதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சில கேமராக்கள் ஓரிரு நொடிகளை விழுங்கிவிடும், கோப்புகள் குறுகினால் அப்படிப்பட்ட இடைவெளிகளும் கூடும். அதைச் சோதிக்கக் கைபேசியில் நிறுத்து கடிகாரத்தை ஓடவிட்டு, லென்சுக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு கோப்பின் கடைசிச் சட்டகத்தையும் அடுத்ததன் முதல் சட்டகத்தையும் ஒப்பிட்டேன். நான்கு இணைப்புகளிலும் இடைவெளி அரை நொடிக்குக் குறைவாகவே இருந்தது. ஏற்கத்தக்கது. இன்னொரு குறையை மட்டும் ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும்: கோப்பு தொடங்கிய மூன்றாம் நொடியில் மோதல் நடந்தால், அதற்கு முந்தைய காட்சி பூட்டாத கோப்பில் இருக்கும். ஆகவே எது நடந்தாலும் அன்றே கார்டைக் கழற்றி, பூட்டியதோடு அதன் முந்தைய கோப்பையும் நகலெடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் ஆன பின் பெரிய கார்டு வாங்கும் ஆசை வந்தது. கையேட்டின்படி கேமரா 128 ஜிபி வரை ஏற்கும். இணையத்தில் 499 ரூபாய்க்கு ஒரு 128 ஜிபி கார்டு கிடைத்தது, உடனே வாங்கினேன். முதல் இரண்டு நாட்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு வந்த கோப்புகளுக்குப் பெயர் இருக்கிறது, அளவும் சரியாக 112 எம்பி காட்டுகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை. ஓடிய கோப்புகளின் மொத்தத்தைக் கூட்டினால் நான்கரை மணி நேரத்தைச் சுற்றி நின்றது. பழைய 32 ஜிபி கார்டு பிடித்ததும் அவ்வளவுதான் என்பது நினைவுக்கு வந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. மடிக்கணினியில் லினக்ஸ் இருந்ததால் எஃப்3 என்ற இலவசக் கருவியால் உறுதிசெய்தேன். விண்டோஸில் இதே வேலைக்கு `H2testw` இருக்கிறது.

```
f3write /media/card
f3read /media/card
```

முதல் கட்டளை கார்டு முழுவதையும் அடையாளமிட்ட தரவால் நிரப்புகிறது, இரண்டாவது அதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. நிரம்பப் பல மணி நேரம் ஆகும் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் `Data OK` என்ற வரியில் 29 ஜிபியும், `Data LOST` என்ற வரியில் 88 ஜிபியும் இருந்தன. 32 ஜிபி சில்லின் மேல் 128 என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். விற்றவர் பதில் சொல்லவில்லை; 499 ரூபாய் போனது போனதுதான்.

இரண்டாம் முறை, தொடர்ந்து எழுதுவதற்கென்றே செய்யப்படும் 'ஹை எண்டியூரன்ஸ்' வகைக் கார்டை 1,650 ரூபாய்க்கு, கடையில் பில்லோடு வாங்கினேன். இங்கே வேகத்துக்கு அதிகம் பணம் கொடுப்பதில் பொருளில்லை. என் கேமரா நொடிக்கு எழுதுவது 2 எம்பிக்கும் குறைவு. U1 குறியுள்ள கார்டே நொடிக்குக் குறைந்தது 10 எம்பி எழுதும். 4கே கேமராவாக இருந்தால் மட்டும் U3 அல்லது V30 பார்க்கலாம். நாம் பணம் கொடுக்க வேண்டியது மறுபடி மறுபடி அழித்து எழுதுவதைத் தாங்கும் ஆயுளுக்கு. கைபேசியில் போடும் சாதாரணக் கார்டு ஒரு முறை நிரம்பினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கேமராவில் அது சில நாளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. சாதாரணக் கார்டுகளின் உத்தரவாத அட்டையைப் புரட்டினால், டேஷ் கேமராவில் பயன்படுத்தினால் உத்தரவாதம் செல்லாது என்று பலவற்றில் பொடி எழுத்தில் இருக்கும். கார்டு ஆயுள் முடிந்ததற்கு ஓர் அடையாளத்தை என் பழைய கார்டிலேயே கண்டேன்: கேமராவில் ஃபார்மட் செய்தால் "முடிந்தது" என்று காட்டும், மறுபடி திறந்தால் பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். அந்த நிலைக்கு வந்த கார்டைத் தூக்கிப்போடுவதைத் தவிர வழியில்லை. புதிய கார்டையும் முதலில் எஃப்3இல் சோதித்த பின், கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்தேன். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளில் கோப்பு முறை மாறுவதால், கேமரா தனக்குப் புரிகிற முறையைத் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்று விடுவதே தொல்லையற்றது. இப்போது 19 மணி நேரம் பிடிக்கிறது.

கடைசியாக, என்னை அதிகம் அலைக்கழித்த பார்க்கிங் மோட், அதாவது கார் நின்றிருக்கும்போதும் கேமரா பதிவு செய்யும் முறை. எங்கள் தெருவில் யாருக்கும் கார் கொட்டகை கிடையாது; இரவில் கார் தெருவோரத் தென்னையின் கீழ்தான் நிற்கும். காரை அணைத்துச் சாவியை எடுத்தால் சிகரெட் லைட்டர் துளையில் மின்சாரம் நின்றுவிடும் என்பதால், ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் மூன்று கம்பித் தொகுப்பு ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு, கறுப்பு உடற்சட்டத்தின் ஒரு திருகாணிக்கு. சிவப்பில் மின்சாரம் நின்றதும் கேமரா பார்க்கிங் மோடுக்குப் போகும். எந்த ஃபியூஸ் எது என்பதை மல்டிமீட்டரால், சாவியைப் போட்டும் எடுத்தும் அளந்து குறித்துக்கொண்டேன். ஃபியூஸ் இடையிணைப்பு இரண்டு, 160 ரூபாய். முன் தூணின் உறைக்குள் காற்றுப்பை உள்ள காராக இருந்தால், கம்பி அதன் முன்னால் குறுக்கே போகாமல் பின்புறமாகப் போக வேண்டும் என்பதைக் கவனிக்கவேண்டும். அந்த இடத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் 200 ரூபாய் கொடுத்துச் செய்வித்தேன்.

முதல் இரவு அசைவு கண்டால் பதிவு செய்யும் முறையில் விட்டேன். காலையில் 212 ஒரு நிமிடக் கோப்புகள், கிட்டத்தட்ட 24 ஜிபி. நாய், பால்காரர், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஆடிய வேட்டியின் நிழல். தெருவில் நிற்கும் காருக்கு இந்த முறை ஆகாது. நொடிக்கு ஒரு படம் எடுக்கும் முறைக்கு மாற்றினேன். 12 மணி நேர இரவு 43,200 படங்களாகி, நொடிக்கு 30 படம் என்ற கணக்கில் 24 நிமிடக் காட்சியாகச் சுருங்குகிறது. கார்டில் பிடிக்கும் இடம் 2.7 ஜிபி. அதிர்வு வந்தால் அந்தக் கோப்பு பூட்டப்படும். இந்த முறையின் எல்லையையும் சொல்லவேண்டும்: தெருவிளக்கு வெளிச்சத்தில், நொடிக்கு ஒரு படத்தில், ஓடிப்போகிற வண்டியின் எண் பெரும்பாலும் தெரியாது. வந்தது ஆட்டோவா, டூவீலரா, எந்தத் திசையில் போனது என்பது வரைக்கும் தெரியும்.

மூன்றாவது வாரத் திங்கட்கிழமை காலை கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற ஒலி மட்டும். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பேட்டரியை அளந்துவிட்டுச் சிரித்தார். "பேட்டரி கெட்டுப்போகல தம்பி. குடிக்கிற ஆள் வீட்டுக்குள்ளயே இருக்கான்." மஞ்சள் கம்பியில் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து அளந்தேன்: பார்க்கிங் மோடில் 0.25 ஆம்பியர். ஓர் இரவுக்கு 3 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணிப் பேட்டரிக்கு அது பொருட்டே அல்ல, மறுநாள் ஓட்டத்தில் ஏறிவிடும். ஆனால் வெள்ளி இரவு நிறுத்திய காரைத் திங்கள் காலைதான் எடுக்கிறேன். 60 மணி நேரம் என்றால் 15 ஆம்பியர் மணி. மூன்று வயதான பேட்டரிக்கு அது மரண அடி.

மின்னழுத்தம் குறைந்தால் தானே துண்டிக்கும் வசதி அந்தத் தொகுப்பில் இருக்கத்தான் செய்தது. ஆனால் தொகுப்பின் சிறு சுவிட்ச் 11.6 வோல்ட்டில் வந்திருந்தது, நான் அதைத் தொடவில்லை. ஈய அமிலப் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். கேமரா இழுக்கும் சிறு மின்னோட்டத்தில் 11.6 வரைக்கும் இறங்கவிட்டால், அதற்குள் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் வலு போய்விடும். சுவிட்சை 12.2க்கு நகர்த்தினேன். அடுத்த வாரம் கேமரா சனிக்கிழமை இரவே அணைந்துவிட்டது, திங்கள் காலை கார் ஒரே திருப்பலில் கிளம்பியது. ஞாயிறு முழுவதும் கண்காணிப்பு இல்லை என்பது இதற்கான விலை. பகலில் அலுவலக வெயிலில் நிற்கும்போது பார்க்கிங் மோடை நான் அணைத்தே வைக்கிறேன். மே மாதத்தில் மூடிய காரின் கண்ணாடியருகே இருக்கும் சூட்டில் கேமரா தானே இரண்டு முறை அணைந்துவிட்டது, அதற்கு மேலும் அதை வதைக்க மனமில்லை.

பம்பர் நீங்கலாக மொத்தச் செலவு 3,469 ரூபாய், அதில் 499 வீண். மறுபடி தொடங்குவதாக இருந்தால் வரிசையை மாற்றுவேன்: முதலில் பிடிமானம், அப்புறம் உணரி அளவு, அதற்கும் பிறகுதான் கார்டு. லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் எனப்படும் மீமின்தேக்கி உள்ள கேமராவாகப் பார்த்து வாங்குவேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலில் லித்தியம் உப்பிக்கொள்ளும். எரிச்சலாக இருக்கிறதென்று அணைத்து வைத்திருந்த எச்சரிக்கை ஒலியை இப்போது மீண்டும் போட்டுவைத்திருக்கிறேன். பூட்டு விழும் ஒவ்வொரு முறையும் அது கூவும். அந்தக் கூவலை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால், ஒவ்வொரு வேகத்தடைக்கும் கார்டு சுருங்குவது முதல் வாரத்திலேயே காதில் விழுந்திருக்கும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை `RO` கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேமராவிலேயே ஃபார்மட் செய்கிறேன். கடந்த ஞாயிறு அதில் பதினாறு கோப்புகள் இருந்தன. பதினான்கு, வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் உள்ள அந்த ஒரே உயரமான வேகத்தடை. ஒன்று, மகன் கதவைச் சாத்தியது. இன்னொன்று அதிகாலை 3.12க்கு, தென்னையிலிருந்து ஒரு காய்ந்த மட்டை பானெட்டின் மேல் விழுந்தது. அதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.